பளிங்கமைப்புத் தெரியாத சிக்கலயன் உப்புகளின் சாலகச் சக்தி: கனவளவிலிருந்து மதிப்பிடுவது பற்றிய கேள்விகள்

கொழும்பில் சனிக்கிழமை வகுப்புக்கும் ஆய்வுகூடத்துக்கும் வரும் மாணவர்கள் ஒரே கேள்விகளை வெவ்வேறு வாரங்களில் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, என் விடைகளைக் கீழே வைத்திருக்கிறேன். போண்–ஏபர் வட்டம் தெரிந்தவர்களுக்கு இது போதும். எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் ஒரே உப்பையே பின்தொடர்கிறேன்: K2[PtCl6], பிறகு அதன் அமோனியச் சகோதரன் (NH4)2[PtCl6]. இரண்டும் மஞ்சள் நிற வீழ்படிவுகள். இரண்டின் அமைப்பும் உண்மையில் தெரிந்ததே; ஆனால் தெரியாதது போல வைத்துக்கொண்டு கணித்தால்தான் முறை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க முடியும்.

சேர், அயன் ஆரைகளைக் கூட்டிக் கபுஸ்தின்ஸ்கி சமன்பாட்டில் போட்டால் போதாதா? ஏன் கனவளவு?

சோடியம் குளோரைட்டுக்குப் போதும். அங்கே இரண்டு அயன்களும் உருண்டைகள்; ஆரை என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் இருக்கிறது. [PtCl6]2- அயனை எடுத்துப் பாருங்கள். நடுவில் பிளாற்றினம், அதைச் சுற்றி எண்முகியின் ஆறு மூலைகளில் ஆறு குளோரீன்கள். மூலையை நோக்கி அளந்தால் ஓர் ஆரை, முகத்தை நோக்கி அளந்தால் அதைவிடச் சிறிய இன்னோர் ஆரை. தயோசயனேற்று அயன் ஒரு கோல். கோலுக்கு எந்த ஆரை? இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் கபுஸ்தின்ஸ்கி வழியில் வந்தவர்கள் 'வெப்ப இரசாயன ஆரை' என்ற ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதாவது, தெரிந்த சாலகச் சக்தியிலிருந்து பின்னோக்கிக் கணித்துப் பெற்ற ஆரை. புதிதாகத் தயாரித்த உப்புக்கு அந்த எண்ணே இருக்காது.

கனவளவுக்கு அந்த இடர் இல்லை. கோலாக இருந்தாலும் எண்முகியாக இருந்தாலும் ஓர் அயன் பளிங்குக்குள் இவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று சொல்லலாம். அடர்த்தியை அளந்தால் அது நேரே கைக்கு வந்துவிடும்.

1984இல் பார்ட்லெட்டின் குழுவினர் 1:1 உப்புகளின் சாலகச் சக்தி, கனவளவின் கனமூலத்தின் தலைகீழுடன் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதைக் காட்டினார்கள். ஜென்கின்ஸ், ரூபொட்டம், பாஸ்மோர், கிளாசர் ஆகிய நால்வரும் 1999இல் அதை மற்ற ஏற்ற விகிதங்களுக்கும் விரித்தார்கள். நாம் இங்கே பயன்படுத்துவது அவர்களின் சமன்பாடு.

அமைப்புத் தெரியாமல் மடலுங் மாறிலி இல்லை. அது இல்லாமல் சாலகச் சக்தி எப்படி வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் விடயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மடலுங் மாறிலி அமைப்புக்கு அமைப்பு மாறும். ஆனால் அது தனியாக மாறுவதில்லை. அயன்கள் நெருக்கமாகச் சூழும் அமைப்புக்குப் போனால் மாறிலி சற்றுக் கூடும். அதே வேளையில் அருகிலுள்ள அயன்களுக்கிடையிலான தூரமும் கூடும். சக்தியில் வருவது இவ்விரண்டின் விகிதம். அந்த விகிதம் அதிகம் அசைவதில்லை. கபுஸ்தின்ஸ்கி 1933இலேயே இதைப் பிடித்துக்கொண்டார். கனவளவுச் சமன்பாடும் அதே அத்திவாரத்தில்தான் நிற்கிறது. தூரத்தின் இடத்தில் கனவளவின் கனமூலம் வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே மடலுங் மாறிலியை நாம் புறக்கணிக்கவில்லை. அது α, β என்ற இரண்டு மாறிலிகளுக்குள் சராசரியாகக் கரைந்திருக்கிறது. தெரிந்த பல உப்புகளின் புள்ளிகளுக்குக் கோடு பொருத்தி எடுத்த எண்கள் அவை. கோட்பாட்டிலிருந்து வந்தவை அல்ல. இதை மனத்தில் வைத்திருந்தால் சமன்பாட்டை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது பின்னர் தானாகவே விளங்கும்.

சமன்பாட்டை ஒரே இடத்தில் எழுதித் தர முடியுமா?

```
V = M / (602.2 × ρ)
U = 2I × (α / V^(1/3) + β)
2I = Σ n z²

MX  (1:1)   α = 117.3   β =  51.9
MX2 (2:1)   α = 133.5   β =  60.9
M2X (1:2)   α = 165.3   β = -29.8
```

M என்பது மூலர்த் திணிவு, கிராமில். ρ அடர்த்தி, ஒரு கன சென்ரிமீற்றருக்குக் கிராமில். அப்போது V ஒரு சூத்திர அலகின் கனவளவாகக் கன நனோமீற்றரில் வரும். U ஒரு மூலுக்குக் கிலோயூலில் வரும். 2I-க்கு ஒவ்வோர் அயனின் எண்ணிக்கையையும் அதன் ஏற்றத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். K2[PtCl6]-இல் இரண்டு பொற்றாசியத்துக்கு 2, இரட்டை எதிரேற்றம் உள்ள சிக்கலயனுக்கு 4, ஆக 6. 1:1 உப்புக்கு 2.

அடைப்புக்குள் உள்ள விகிதம் கற்றயன், அன்னயன் என்ற வரிசையில் ஏற்றங்களைக் குறிக்கிறது.

ஓர் உப்புக்கு முழுக் கணக்கையும் செய்து காட்டுங்கள்.

K2[PtCl6]-இன் மூலர்த் திணிவு 486.0. அடர்த்தி 3.50. 602.2-ஐ 3.50ஆல் பெருக்கினால் 2107.7. அதனால் 486.0-ஐ வகுத்தால் V = 0.2306 கன நனோமீற்றர். கனமூலம் 0.6132.

இது M2X வகை, ஆகவே 165.3-ஐ 0.6132ஆல் வகுக்கிறோம், 269.6 வருகிறது. அதிலிருந்து 29.8-ஐக் கழித்தால் 239.8. ஆறால் பெருக்கினால் ஏறத்தாழ 1439 கிலோயூல்/மூல்.

பளிங்கமைப்பை வைத்து முழுமையாகக் கணித்து அட்டவணைகளில் தரப்பட்டிருக்கும் பெறுமானம் 1468. நம்முடைய எண் இரண்டு சதவீதம் குறைவு. பிளாற்றினம் எங்கே இருக்கிறது, பொற்றாசியத்தைச் சுற்றி எத்தனை குளோரீன் என்று ஒன்றுமே கேட்காமல் ஓர் அடர்த்தியிலிருந்து மட்டும் இது கிடைத்திருக்கிறது. முதல் முறை இதைக் கணித்தபோது எங்கோ தற்செயலாகப் பொருந்திவிட்டது என்று நினைத்துப் பொற்றாசியம் குளோரைட்டையும் போட்டுப் பார்த்தேன்: 696 வந்தது, ஏற்கப்பட்ட பெறுமானம் 715 அளவில். அங்கேயும் மூன்று சதவீதத்துக்குள்.

நான் அதே K2[PtCl6]-ஐப் போட்டேன், 1672 வந்தது. எங்கே பிழை?

MX2-இன் மாறிலிகளை எடுத்திருக்கிறீர்கள். 133.5-ஐ 0.6132ஆல் வகுத்து 60.9-ஐக் கூட்டி ஆறால் பெருக்கினால் சரியாக அந்த எண்தான் வரும். 2I இரண்டு வகைக்கும் 6 என்பதால் தவறு கண்ணில் படாது. இரட்டை ஏற்றம் கற்றயனில் இருந்தால் MX2. அன்னயனில் இருந்தால் M2X. சிக்கலயன் எது என்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஏற்றத்தின் குறியைப் பாருங்கள். [Ni(en)3]Cl2-இல் சிக்கலயன் கற்றயன், அது MX2. இங்கே சிக்கலயன் அன்னயன், இது M2X.

உப்பை இன்னும் தயாரிக்கவே இல்லை. அடர்த்தியும் இல்லை. அப்போது?

இந்த முறையின் மிகப் பயனுள்ள பகுதி இங்கேதான் இருக்கிறது, ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன். கனவளவுகளை அயன் அயனாகக் கூட்டலாம். ஓர் அயன் ஓர் உப்பில் பிடிக்கும் இடம், இன்னோர் உப்பில் பிடிக்கும் இடத்துக்கு ஏறத்தாழச் சமம்.

(NH4)2[PtCl6] இன்னும் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி, அட்டவணையில் உள்ள தனி அயன் கனவளவுகள். பொற்றாசிய அயனுக்கு 0.00986, அமோனிய அயனுக்கு 0.021 கன நனோமீற்றர். பொற்றாசிய உப்பின் 0.2306-இலிருந்து இரண்டு பொற்றாசியத்தைக் கழித்தால் [PtCl6]2- அயனுக்கு 0.2109 கிடைக்கும். அதனுடன் இரண்டு அமோனியத்தைக் கூட்டினால் 0.2529.

இரண்டாவது வழியை நான் அதிகம் விரும்புகிறேன். ஏற்கனவே அடர்த்தி தெரிந்த ஒரு சோடி உப்புகளை எடுத்து, அவற்றின் வித்தியாசத்தை மட்டும் கடன் வாங்குவது. அமோனியம் சல்பேற்றின் அடர்த்தி 1.77, அதன் கனவளவு 0.1240. பொற்றாசியம் சல்பேற்றின் அடர்த்தி 2.66, கனவளவு 0.1088. இரண்டு பொற்றாசியத்துக்குப் பதில் இரண்டு அமோனியம் வந்தால் 0.0152 கூடுகிறது. அதை 0.2306-உடன் சேர்த்தால் 0.2458.

இப்போது உண்மையைப் பார்ப்போம். (NH4)2[PtCl6]-இன் மூலர்த் திணிவு 443.9, அடர்த்தி 3.065, ஆகவே உண்மையான கனவளவு 0.2405. முதல் வழி ஐந்து சதவீதம் கூடுதலாகச் சொன்னது, இரண்டாவது வழி இரண்டு சதவீதம். சாலகச் சக்தியாக மாற்றினால் உண்மை அடர்த்தியிலிருந்து 1416, சல்பேற்று வழியில் 1405, தனி அயன் வழியில் 1390. கனவளவில் ஐந்து சதவீத வழு சக்தியில் இரண்டாகச் சுருங்கிவிட்டது. கனமூலம் நமக்குச் செய்யும் பெரிய உதவி அது.

வித்தியாசத்தைக் கடன் வாங்க எந்தச் சோடியை எடுத்தாலும் சரியா? நான் குளோரைட்டுகளை எடுத்தேன், அமோனியம் பொற்றாசியத்தைவிடச் சிறியதாக வந்தது.

உங்கள் கணக்குச் சரி, சோடிதான் பொருந்தாதது. அறை வெப்பநிலையில் பொற்றாசியம் குளோரைட்டு சோடியம் குளோரைட்டின் அமைப்பில் இருக்கிறது. அமோனியம் குளோரைட்டு சீசியம் குளோரைட்டு வகையில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. பொற்றாசியம் குளோரைட்டுக்கு 0.0623, அமோனியம் குளோரைட்டுக்கு 0.058 அளவில். நீங்கள் கழித்தபோது வந்தது அயன்களின் வித்தியாசம் மட்டும் அல்ல, அடுக்கும் முறையின் வித்தியாசமும் அதற்குள் கலந்துவிட்டது. சல்பேற்றுகளைத் தேர்ந்ததற்குக் காரணம் அவற்றின் ஏற்ற விகிதம் நம் உப்பின் விகிதமே என்பதும், அன்னயன் அங்கும் பல அணுக்களால் ஆனது என்பதும்தான். இரண்டு மூன்று சோடிகளை எடுத்துப் பார்த்து, ஒன்று மட்டும் எதிர்க்குறியில் வந்தால் அதை விலக்கிவிடுங்கள்.

தூளின் அடர்த்தியை ஆய்வுகூடத்தில் எப்படி நம்பகமாக அளப்பது?

அடர்த்திப் போத்தல் போதும், ஆனால் நீரில் அல்ல. உப்பைக் கரைக்காத திரவம் வேண்டும். நான் தொலுயீன் பயன்படுத்துகிறேன், புகையடுப்புக்குள் வைத்து. வெறும் போத்தல், தூளுடன் போத்தல், தூளின் மேல் திரவம் நிரப்பிய போத்தல், திரவம் மட்டும் நிரப்பிய போத்தல் என்று நான்கு நிறுவைகள். தூளால் இடம் பெயர்ந்த திரவத்தின் திணிவு அவற்றிலிருந்து வரும். அதைத் திரவத்தின் அடர்த்தியால் வகுத்தால் தூளின் கனவளவு.

மிகப் பெரிய பகை தூளுக்குள் சிக்கிய காற்று. இரண்டு கிராம் K2[PtCl6]-இன் கனவளவு 0.57 கன சென்ரிமீற்றர்தான். அதற்குள் 0.05 அளவு காற்று ஒளிந்திருந்தாலே அடர்த்தி 3.50-இலிருந்து 3.22 ஆகிவிடும், சாலகச் சக்தி 1439-இலிருந்து 1394 ஆகும். தூளை முதலில் சிறிதளவு திரவத்தால் மூடி, வெற்றிடப் பம்பியின் கீழ் குமிழிகள் நிற்கும்வரை வைத்து, அதன் பிறகே போத்தலை நிரப்புங்கள். காற்று எப்போதும் அடர்த்தியைக் குறைத்தே காட்டும். ஆகவே மூன்று அளவீடுகளில் ஒன்று மற்ற இரண்டையும்விடத் தாழ்ந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள்; சராசரி எடுத்து மறைக்காதீர்கள்.

கொழும்பில் இன்னொன்றும் உண்டு. போத்தலின் சிட்டையில் உள்ள தொலுயீன் அடர்த்தி பொதுவாக 20 பாகைக்கு உரியது, 0.867. நம் ஆய்வுகூடம் 30 பாகையில் இருக்கிறது, அங்கே அது 0.858. சிட்டையின் எண்ணைப் போட்டால் உப்பின் அடர்த்தி ஒரு சதவீதம் கூடிவிடும். சாலகச் சக்திக்கு இது பெரிய வழு அல்ல, ஆனால் வீணான வழு. தண்ணீரை வைத்துப் போத்தலின் கனவளவை அதே அறையில் அளந்து, தொலுயீனின் அடர்த்தியை நீங்களே எடுத்துவிடலாம்.

என் உப்பில் பளிங்கு நீர் இருக்கிறது. அப்படியே போடலாமா?

கூடாது. ஒரு மழைக் காலத்தில் நானே இந்தத் தவறைச் செய்தேன். உலர்ந்த உப்பு என்று நம்பி நிறுத்த தூள் மூடி தளர்ந்த போத்தலில் இருந்து ஈரத்தை இழுத்திருந்தது. நீரற்ற சூத்திரத்தின் மூலர்த் திணிவுடன் நீரேறிய உப்பின் அடர்த்தியைச் சேர்த்துவிட்டேன். வந்த எண் பார்க்க நியாயமாகவே இருந்தது, அதனால்தான் இரண்டு வாரம் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் சூடாக்கித் திணிவிழப்பை அளந்தபோதுதான் தெரிந்தது.

நீரின் எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்தால் சரிசெய்வது எளிது. நீரேறிய உப்பின் மூலர்த் திணிவையும் அடர்த்தியையும் வைத்து அதன் கனவளவைக் கண்டு, ஒவ்வொரு நீர் மூலக்கூறுக்கும் 0.0245 கன நனோமீற்றரைக் கழியுங்கள். மிஞ்சுவது நீரற்ற உப்பின் கனவளவு. அதையே சமன்பாட்டில் போடுங்கள். ஆனால் நீர் உலோகத்துடன் ஈந்தாகப் பிணைந்து சிக்கலயனின் பகுதியாக இருந்தால் அதைக் கழிக்கக்கூடாது. [Ni(H2O)6]2+ முழுவதையும் ஓர் அயனாக எடுத்தால் அதன் ஆறு நீரும் அந்த அயனுக்கே சொந்தம்.

எந்த உப்புக்கு இது வேலை செய்யாது? முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

வெள்ளிக் குளோரைட்டைப் போட்டுப் பாருங்கள். மூலர்த் திணிவு 143.3, அடர்த்தி 5.56, கனவளவு 0.0428. சமன்பாடு 774 என்கிறது. போண்–ஏபர் வட்டம் தருவது 910-க்கு மேல். பதினைந்து சதவீத இடைவெளி. இதை அளவீட்டு வழு என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கும் குளோரீனுக்கும் இடையில் பங்கீட்டுத் தன்மை கலந்திருக்கிறது. நம் சமன்பாடு நிலைமின் ஈர்ப்பை மட்டுமே அறிந்தது, அதனால் அந்த மேலதிகப் பிணைப்பை அது பார்க்கவே இல்லை.

சிக்கலயன்களில் கவனிக்க வேண்டியது அயனுக்கு உள்ளே இருக்கும் பிணைப்பை அல்ல. பிளாற்றினத்துக்கும் குளோரீனுக்கும் இடையில் எவ்வளவு பங்கீட்டுத் தன்மை இருந்தாலும் நமக்குக் கவலை இல்லை, ஏனெனில் நாம் கணிக்கும் சாலகச் சக்தி பளிங்கைப் பொற்றாசிய அயன்களாகவும் முழுமையான [PtCl6]2- அயன்களாகவும் வாயு நிலையில் பிரிப்பதற்கு உரியது. கவனிக்க வேண்டியது அயனுக்கும் அயனுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதையே. அன்னயனின் ஓர் அணு அயலிலுள்ள உலோகத்துக்குப் பாலமாகப் பிணைந்தால், தனித்தனி அயன்கள் என்ற எடுகோளே உடைந்துவிடும். வெள்ளி, செம்பு(I), இரசம் கொண்ட உப்புகளில் நான் எப்போதும் இதை எதிர்பார்ப்பேன். பொற்றாசியம், சீசியம், நான்கு அற்கைல் கூட்டங்கள் கொண்ட அமோனியம் ஆகியவை பாதுகாப்பான துணை அயன்கள்.

எல்லா உப்புக்கும் பொருந்தும் ஒரே சமன்பாடு உண்டு என்று கேள்விப்பட்டேன். அதைப் பயன்படுத்தலாமா?

```
U = 121.39 × I × (2I / V)^(1/3)
```

இதைத்தான் சொல்கிறீர்கள். கிளாசரும் ஜென்கின்ஸும் 2000இல் தந்தது. பொருத்திய மாறிலிகள் இல்லாததால் அழகாக இருக்கிறது. ஆனால் இது சாலகச் சக்தி 5000 கிலோயூலுக்கு மேல் உள்ள, உயர் ஏற்றமுள்ள கனிமங்கள் போன்ற திண்மங்களுக்கு உரியது. பொற்றாசியம் குளோரைட்டுக்குப் போட்டால் 386 வரும். உண்மையில் பாதிக்குச் சற்று மேல். [Co(NH3)6]Cl3 போன்ற உப்புகளும் அந்த எல்லைக்குக் கீழே இருப்பவையே. ஏற்றம் மூன்று என்பதால் மட்டும் இந்தச் சமன்பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள். அவற்றுக்கு மேலே உள்ள மூன்று வரிசைகளும் பொருந்தாது. தனியாகப் பொருத்திய மாறிலிகள் வேண்டும்.

கிடைப்பது சக்தியா, வெப்பவுள்ளுறையா?

சக்தி. (NH4)2[PtCl6]-ஐ வெப்பவுள்ளுறைக்கு மாற்ற 3RT, அதாவது 7 கிலோயூல் அளவு, கூட்ட வேண்டும். K2[PtCl6]-க்கு திருத்தம் பூச்சியமாகவே வருகிறது. இரண்டும் நம் வழுவுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் வட்டத்தில் போடும்போது எதைப் போடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இந்த எண்ணை வைத்து என் புதிய உப்பு நீரில் கரையுமா என்று சொல்லலாமா?

சொல்ல முயலாதீர்கள். கரைசல் வெப்பவுள்ளுறை என்பது சாலக வெப்பவுள்ளுறைக்கும் நீரேற்ற வெப்பவுள்ளுறைக்கும் இடையிலான சிறு வித்தியாசம். பல உப்புகளுக்கு அது சில பத்துக் கிலோயூல்தான். 1400-இல் மூன்று சதவீதம் 42. உங்கள் விடையின் குறியையே அந்த வழு மாற்றிவிடும்.

தோன்றல் வெப்பவுள்ளுறையை மதிப்பிடுவதற்கும், ஒரு கற்பனை உப்பு தன் கூறுகளாகப் பிரியும் தாக்கம் நூற்றுக்கணக்கான கிலோயூல் சாதகமா பாதகமா என்று பார்ப்பதற்கும் இது பொருத்தம். ஒரே அன்னயன் கொண்ட இரண்டு உப்புகளை ஒப்பிடுவதற்கும் பொருத்தம், ஏனெனில் அன்னயனால் வரும் வழு இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்து பெரும்பாலும் நீங்கிவிடும். K2[PtCl6]-க்கும் (NH4)2[PtCl6]-க்கும் இடையில் நாம் கண்ட 23 கிலோயூல் வித்தியாசத்தை, 1439 என்ற எண்ணைவிட நான் அதிகம் நம்புவேன்.

அறிக்கையில் 1404.5 என்று எழுதினேன், புள்ளி குறைத்தார்கள். ஏன்?

தசமத்துக்குப் பின் உள்ள ஐந்து கல்குலேற்றரிலிருந்து வந்தது, உப்பிலிருந்து அல்ல. கடன் வாங்கிய கனவளவில் இருந்து கணித்தால் 1400 கிலோயூல்/மூல், வழு 40 என்று எழுதுங்கள். அதன் அருகே மூன்று விபரங்களையும் சேருங்கள்: கனவளவு எந்த வழியில் வந்தது, எந்தச் சோடி மாறிலிகள், நீர் கழிக்கப்பட்டதா. இந்த மூன்றும் இருந்தால் யாராவது பின்னர் அந்த உப்பின் பளிங்கை வளர்த்து அமைப்பைத் தீர்க்கும்போது, உங்கள் கணக்கை ஒரு நிமிடத்தில் திருத்திக்கொள்ள முடியும்.